3க்கு 3 ஸ்டாலில் "லோ வோல்டேஜிலும் ஓடும் மோட்டார்" என்பது போகிறவர் கண்ணில் உடனே படவேண்டும், எப்படி?

மோட்டார்காரன்

வணக்கம். கோவையில் கணபதி பக்கம் அப்பா ஆரம்பித்த சின்ன பம்ப் கம்பெனி எங்களுடையது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருக்கிறோம். 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் திறப்பு, இரண்டு பக்கமும் வேறு கம்பெனிகள்.

எங்கள் பலம் ஒன்றுதான். சிங்கிள் பேஸ் 1 ஹெச்.பி. ஓப்பன்வெல் மோட்டாரில் காப்பர் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, காயில் சுற்றும் ஸ்டேட்டரின் நீளத்தையும் கூட்டியிருக்கிறோம், 180 வோல்ட்டிலும் ஸ்டார்ட் ஆகி ஓடும். விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், காரணம் அதுதான். ஆனால் போன வருடம் ஸ்டாலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், மீதிப் பேர் "எல்லாரும் இதையேதான் விக்கிறாங்க" என்கிற முகத்தோடு நோட்டீஸ் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

போன வருடம் பின்சுவரில் இருந்தவை: மேலே சாமி படம், கம்பெனி பெயர், அதற்குக் கீழே "1987 முதல்", "தரமே எங்கள் தாரக மந்திரம்", ஐ.எஸ்.ஓ. முத்திரை, 14 மாடல்களின் படம், ஒவ்வொன்றின் கீழும் ஹெட், டிஸ்சார்ஜ் அட்டவணை, கடைசியில் நான்கு போன் நம்பர். முன்னால் டேபிள், அதன்மேல் ஆறு பம்ப். இந்தத் தடவையும் 14 மாடலும் இருந்தே தீரவேண்டும் என்கிறார் அப்பா. நடந்து போகிறவர் மூன்று, நான்கு செகண்டில் "ஓ, இது கரண்ட் கம்மியா வந்தாலும் ஓடுற மோட்டார்" என்று புரிந்துகொள்ள என்ன செய்யலாம்?

பிராண்ட்பித்தன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது பாஸ். லோகோவைப் பெரிதாகப் போடுங்கள், சுவர் முழுக்க ஒரே கலர், நடுவில் 55 இன்ச் டி.வி., அதில் கம்பெனி படம். மனிதக் கண் அசைவதைத்தான் முதலில் பார்க்கும். பெயர் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மஞ்சள்மண்டி

லோ வோல்டேஜ் பிரச்சினை எங்களுக்கும் இருந்தது சார். ஈரோட்டில் ஒரு கண்காட்சியில் மசாலா ஸ்டால் போட்டோம், மத்தியானம் ஏ.சி. எல்லாம் ஓட ஆரம்பித்ததும் எங்கள் மிக்ஸி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. ஒரு ஸ்டெபிலைசர் எடுத்துப் போங்கள், அதுதான் என் அனுபவம்.

மோட்டார்காரன்

அண்ணா, ஸ்டாலுக்கு வருகிற கரண்ட் பற்றி நான் கேட்கவில்லை 😀 எங்கள் மோட்டாரின் குணமே அது. அதை எப்படிக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

பந்தல்காரர்

இருபது வருடமாக ஸ்டால் கட்டிக் கொடுக்கிறேன் தம்பி. என்ன எழுதுவது என்பதற்கு முன்னால், எங்கே எழுதுவது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

நீங்கள் பின்சுவரை முதன்மையாக நினைக்கிறீர்கள், எல்லாரும் அப்படித்தான். ஆனால் நடைவழியில் வருகிறவர் உங்கள் ஸ்டாலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வருவதில்லை, பக்கவாட்டில் கடக்கிறார். நடைவழி 3 மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஸ்டாலுக்குள் நின்று வெளியே பார்த்தால் அவர் இடமிருந்து வலமாக வருகிறார், உங்கள் ஸ்டால் அவருக்கு வலது கைப் பக்கம். உங்களுக்கு முந்தைய ஸ்டாலைக் கடக்கும்போதே அவர் கண்ணில் படுவது உங்கள் தூரத்துப் பக்கச் சுவரின் உள்முகம், அதாவது அவரை எதிர்கொண்டு நிற்கும் சுவர். பின்சுவர் முழுதாகத் தெரிவதற்குள் அவர் உங்கள் வாசலுக்கே வந்திருப்பார், அப்போது பக்கத்தில் யாரோ கை நீட்டி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாதாரணமாக நடந்தாலும் செகண்டுக்கு ஒரு மீட்டர் போய்விடும், உங்கள் முகப்பு 3 மீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் முக்கியமான வாசகம் அந்த எதிர்கொள்ளும் பக்கச் சுவரில் வரட்டும். எந்தப் பக்கமிருந்து கூட்டம் அதிகம் வரும் என்பதை ஹால் வரைபடத்தில் நுழைவாயிலை வைத்துச் சொல்லிவிடலாம். திரும்பி வருகிறவர்களுக்காக எதிர்ப் பக்கச் சுவரிலும் அதே வாசகம். பின்சுவரில் அதையே இன்னும் பெரிதாக. மூன்று சுவரிலும் ஒரே பேச்சு, ஆளுக்கொரு பேச்சு கூடாது.

அடுத்தது உயரம். பேனல் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அதில் கீழ் ஒன்றரை மீட்டரை மறந்துவிடுங்கள். டேபிள், பம்ப், உங்கள் தலை, வந்தவர் தலை, எல்லாம் சேர்ந்து மறைத்துவிடும். மிஞ்சுவது மேலே ஒரு மீட்டர் பட்டை. அதுதான் உங்களுக்குச் சொந்தமான இடம், போன வருடம் அதைச் சாமிக்கும் கம்பெனி பெயருக்கும் கொடுத்துவிட்டீர்கள். சாமியை உள்ளே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிராண்ட்பித்தன்

ஸ்டால் முகப்பில் மேலே ஓடும் பலகை, அந்த ஃபேசியாவில் பெயர் இருக்குமே, அதுதானே எல்லாருக்கும் தெரியும்?

பந்தல்காரர்

ஃபேசியா நடைவழிக்கு இணையாக ஓடுகிறது. பக்கவாட்டில் வருகிறவருக்கு அது ஒரு மெல்லிய கோடு, நேரே நின்றால்தான் படிக்க முடியும். அதில் பெயர் இருக்கட்டும், தப்பில்லை, ஸ்டால் தேடி வருகிறவருக்கு உதவும். ஆனால் பெயர் தெரிந்த கம்பெனிக்குத்தான் பெயரே வாக்குறுதி. கணபதியில் இருக்கும் சின்ன கம்பெனிக்கு அது வெறும் பெயர், யாரும் நிற்க மாட்டார்கள். எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள், ஃபார்மில் எழுதிக் கொடுத்ததைத்தான் வெட்டி ஒட்டுவார்கள், "பம்ப்ஸ்" "பம்ஸ்" ஆன கதையெல்லாம் உண்டு.

அசைவு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. டி.வி. விஷயத்தில் பாதிதான் சரி. மூன்று நிமிடப் படம் ஓடினால் கடக்கிறவர் பார்ப்பது அதில் ஏதோ மூன்று செகண்டை. அந்த நேரத்தில் ட்ரோனில் எடுத்த ஃபேக்டரி கேட் ஓடிக்கொண்டிருந்தால்? படம் போட்டால் எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும் அதே ஒரு செய்தி தெரிகிற மாதிரி எடுக்கவேண்டும். அதைவிட உங்களிடம் மோட்டாரே இருக்கிறது, தண்ணீரும் ஓடும். அதைவிட நல்ல அசைவு எது?

சங்கனூர்க்காரி

நான் டிசைன் வேலை செய்கிறேன், எழுத்து பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூணு மீட்டர் தூரத்துக்கு ஒரு இன்ச் எழுத்து போதும் என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. அது நின்று படிப்பவருக்கு. நடந்துகொண்டே, இரைச்சலில், பாதிக் கண்ணால் பார்க்கிறவருக்கு அது போதாது. ஆறு மீட்டர் தள்ளி வரும்போதே பிடிக்கவேண்டும் என்றால் நான் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைய மாட்டேன். தமிழில் இன்னொரு சிக்கல், எழுத்து அகலமானது. "வோ" என்றால் கொம்பு, வ, கால் என்று மூன்று துண்டு. 15 சென்டிமீட்டர் உயரம் வைத்தால் 3 மீட்டர் சுவரில் ஒரு வரிக்குப் பத்து, பன்னிரண்டு எழுத்துதான் நிற்கும். அதனால் "குறைந்த மின்னழுத்தத்திலும் தடையின்றி இயங்கும் தரமான மோட்டார்கள்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி வாயில் மின்னழுத்தம் என்று எப்போது வந்தது? அவர் "வோல்டேஜ் இல்லை", "கரண்ட் லோவா வருது" என்றுதான் சொல்வார்.

என் ஆலோசனை: பெரிதாக 180 என்ற எண். இரண்டடி உயரம். கீழே "வோல்ட்டிலும் ஓடும்", அவ்வளவுதான். எண்ணைப் படிக்கவேண்டியதே இல்லை, பார்த்தாலே போதும். பாலக்காட்டிலிருந்து வருகிறவருக்கும் மைசூர் பக்கத்திலிருந்து வருகிறவருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்த அலுமினியக் கம்பம். பேனல் மீட்டருக்கு ஒன்றாக நிற்கும், நடுவில் கம்பம் வரும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக ஒட்டினால் எழுத்து கம்பத்தில் வெட்டுப்படும். போன முறை ஒரு வாடிக்கையாளர் ஸ்டாலில் "நீர்" என்பதில் "ர்" இருந்த இடத்தில் கம்பம், "நீ" மட்டும் நின்றது. ஒரே துணியாக அடித்துக் கம்பங்களுக்கு முன்னால் இழுத்துக் கட்டுங்கள், அல்லது கம்பம் வருகிற இடத்தில் வெற்றிடம் வரும்படி வரையச் சொல்லுங்கள். பளபள லேமினேஷன் வேண்டாம், ஸ்பாட்லைட் அடித்தால் நடுவில் வெள்ளை வட்டம்தான் தெரியும். மேட் கேளுங்கள்.

மோட்டார்காரன்

நன்றி அக்கா. 180 பெரிதாக என்பது பிடித்திருக்கிறது. ஆனால் "180 வோல்ட்டிலும் ஓடும், காயில் எரியாது" என்று போட நினைத்தேன். காயில் எரிகிறதுதான் விவசாயியின் உண்மையான பயம், வோல்டேஜ் எண்ணில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. கூடவே டேபிளில் எரிந்து கருகிய ஒரு ஸ்டேட்டரும் எங்கள் புது ஸ்டேட்டரும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

காயில்கடை

"எரியாது" என்று எழுதாதீர்கள் தம்பி. வீணாக மாட்டிக்கொள்வீர்கள்.

நான் ரீவைண்டிங் கடைக்காரன். என்னிடம் கருகி வருகிற மோட்டார் எல்லாம் லோ வோல்டேஜில் எரிந்தது இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கி டிரையாக ஓடியது, மூன்று பேஸில் ஒன்று போய் இரண்டில் ஓடியது, மணல் ஏறி ஜாம் ஆனது, காயிலுக்குள் தண்ணீர் இறங்கியது, எல்லாம் உண்டு. நீங்கள் காப்பர் தாராளமாகப் போட்டால் லோ வோல்டேஜ் சூடு ஒன்றைத்தான் தாங்கும். கிணறு வற்றி எரிந்ததைத் தூக்கிக்கொண்டு ஒரு விவசாயி வந்து "எரியாதுன்னு சுவத்துல எழுதினியே" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கருகிய ஸ்டேட்டர் மட்டும் அருமையான யோசனை. ஒரு வார்த்தை வேண்டாம். அந்தக் கறுப்பைப் பார்த்ததும், கிட்டே வந்தால் அந்த வார்னிஷ் கருகிய வாசனையும் சேர்ந்து, விவசாயிக்கு ஒரு வேலை நாளும் வைண்டிங் கூலியும் கண் முன்னே வந்துவிடும். ஆனால் பளபளவென்று சுத்தம் செய்து வைக்காதீர்கள். நூல் கட்டு பிய்ந்து, ஸ்லாட்டில் கரி ஒட்டி, கடையிலிருந்து தூக்கிவந்த மாதிரியே இருக்கட்டும். எந்தக் கம்பெனி மோட்டார் என்று தெரியக் கூடாது, பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுங்கள்.

பந்தல்காரர்

ஆமாம், எனக்கும் அதே யோசனைதான். பிறகு அந்த டேபிளை முன்னால் குறுக்கே போடாதீர்கள். குறுக்கே டேபிள் போட்டால் அது கடைக் கல்லா, ஆள் வெளியிலேயே நின்று நோட்டீஸ் வாங்கிப் போய்விடுவார். பக்கச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், ஸ்டேட்டர் இரண்டையும் வாசல் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள், கை நீட்டினால் தொடும் தூரம். உயரம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

மோட்டார்காரன்

சரி, டெமோ இப்படி: கண்ணாடித் தொட்டி, அதில் 1 ஹெச்.பி. பம்ப், தண்ணீர் மேலே போய் திரும்பித் தொட்டியிலேயே விழும். வெளியே வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிம்மர்ஸ்டாட், பெரிய சிவப்பு எண் தெரியும் வோல்ட்மீட்டர். வருகிறவரையே திருகச் சொல்வோம், 230லிருந்து 180க்கு இறக்கினாலும் தண்ணீர் நிற்காது. சுவரிலும் 180, மீட்டரிலும் 180. எப்படி?

காயில்கடை

பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தெரிந்தவன் வந்து மூன்று கேள்வி கேட்பான், இப்போதே தயாராக இருங்கள்.

முதல் கேள்வி, ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரில் வோல்டேஜை இறக்கினால் எல்லா மோட்டாரும் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். ஸ்டார்ட் ஆவதுதான் கஷ்டம். ஸ்டார்ட்டிங் டார்க் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 180ஐ 230ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.61, அதாவது இழுப்பு 61 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் நிறுத்திவிட்டு, 180ல் வைத்து, பிறகு ஸ்விட்ச் போட்டுக் காட்டுங்கள். அதுதான் டெமோ, மற்றது வேடிக்கை.

இரண்டாவது, ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், காயில் சூடாவது அதனால்தான். வோல்ட்மீட்டர் மட்டும் வைத்து ஆம்மீட்டரை ஒளித்தால் எனக்குச் சந்தேகம் வரும். பக்கத்திலேயே ஒரு ஆம்மீட்டர் வையுங்கள், எவ்வளவு ஏறுகிறது என்று அவரே பார்க்கட்டும். உங்கள் மோட்டார் உண்மையிலேயே நல்லது என்றால் அது உங்களுக்குச் சாதகம்தான்.

மூன்றாவது, வால்வு. வால்வை முக்கால்வாசி மூடி ஓட்டினால் இந்த மாதிரி பம்ப்பில் லோடு குறைந்துவிடும், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். நாணயமாக இருந்தால் திறந்து வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் எவ்வளவு தெறிக்கும் என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் 😄

பிராண்ட்பித்தன்

இவ்வளவு டெக்னிகலாகப் போனால் சாதாரண ஆள் ஓடிவிடுவான். மூன்று செகண்டில் ஆம்மீட்டரா?

சங்கனூர்க்காரி

மூன்று செகண்ட் அவரை நிறுத்துவதற்கு மட்டும். 180, கறுப்பு ஸ்டேட்டர், ஓடும் தண்ணீர், அது மூன்று செகண்ட். ஆம்மீட்டர் நின்ற பிறகு கிட்டே வருகிறவருக்கு. தூரத்திலிருந்து ஆம்மீட்டர் தெரியாத அளவுக்குச் சின்னதாக வையுங்கள், வோல்ட்மீட்டர் மட்டும் பெரிதாக.

பந்தல்காரர்

இனி கரண்ட் பற்றி நான் பயமுறுத்திவிடுகிறேன். ஸ்டாலோடு வரும் பிளக் 5 ஆம்பியர். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போதே அதைத் தாண்டும், ஸ்டார்ட் ஆகும்போது நாலைந்து மடங்கு இழுக்கும். தனி லோடு வேண்டும் என்று முன்பே ஃபார்மில் எழுதிக் கொடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள். டிம்மர்ஸ்டாட் சின்னதாக வாங்கினால் ஸ்டார்ட்டில் அதுவே மண்டியிடும், மீட்டர் 180லிருந்து 150க்கு விழுந்து மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கூட்டத்துக்கு முன்னால் உங்கள் வாக்குறுதி போச்சு. 15 ஆம்பியருக்குக் குறையாமல், முடிந்தால் அதைவிடப் பெரியதாக எடுங்கள். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் கரண்ட் கசிந்தால் உடனே கட் ஆகும் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள், குழந்தைகள் தொட்டிக்குள் கை விடுவார்கள்.

தொட்டியின் எடை? 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் என்றால் 120 லிட்டர், அதாவது 120 கிலோ, கண்ணாடி தனி. மடக்கு டேபிளில் தூக்கி வைக்காதீர்கள். இரும்புச் சட்டம் அடியுங்கள், கீழே தார்ப்பாய், அதன்மேல் கார்ப்பெட்.

தறிநாடா

கரூரிலிருந்து. கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஜனவரியில் பிராங்பர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் நடக்கும், நாங்கள் துண்டு, கிச்சன் துணி எல்லாம் அங்கே காட்டியிருக்கிறோம். அங்கே வருகிற வாங்குபவர்களில் பலர் முன்பே அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ஸ்டால் நம்பர் பார்த்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு மூன்று செகண்ட் எல்லாம் இல்லை, உட்கார்ந்து துணியின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் வழியில் போகிற புது ஆளுக்கு மட்டும் நீங்கள் சொல்வது பொருந்தும். எங்கள் பலம் சின்ன ஆர்டரும் எடுப்பது. அதைத் துணியைக் காட்டிச் சொல்ல முடியவில்லை, துணி எல்லார் துணி போலத்தான் இருந்தது. கடைசியில் ஒரே துண்டை 24 நிறத்தில் மாட்டி, ஒவ்வொரு நிறத்திலும் குறைந்தபட்சம் எத்தனை என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் பெரிதாக எழுதினோம், அதன் பிறகுதான் புது ஆட்கள் நின்று கேட்டார்கள். உங்கள் 180 மாதிரிதான்.

ஆனால் எல்லா வாக்குறுதியையும் இப்படிக் காட்ட முடியும் என்று நான் நம்பவில்லை. "சொன்ன தேதிக்கு சரக்கு வரும்" என்பதை எந்தப் பொருளை வைத்துக் காட்டுவீர்கள்? நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மஞ்சள்மண்டி

எங்களுக்கு விரலி மஞ்சளைக் குறுக்கே உடைத்து உள்நிறத்தைக் காட்டினாலே போதும், வேறு பேச்சே வேண்டாம். சார், போன தடவை தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம், விவசாயிகள் பெரும்பாலும் மூன்று பேஸ் 5 ஹெச்.பி. தானே வைத்திருப்பார்கள்? உங்கள் டெமோ 1 ஹெச்.பி. வீட்டுக்குத்தானே ஆகும்?

மோட்டார்காரன்

சரியான இடத்தில் அடித்தீர்கள் அண்ணா. மூன்று பேஸும் செய்கிறோம், ஆனால் அதில் எங்கள் மோட்டாருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, நேர்மையாகச் சொன்னால். லோ வோல்டேஜ் விசேஷம் சிங்கிள் பேஸில்தான். தோட்டத்து வீடு, மாட்டுக் கொட்டகை, சின்னக் கிணறு, இதற்குத்தான் எங்கள் பம்ப் அதிகம் போகிறது.

சங்கனூர்க்காரி

அப்படியானால் சுவரிலேயே "1 ஹெச்.பி." என்று எழுதிவிடுங்கள். 5 ஹெச்.பி. தேடுகிறவர் உள்ளே வந்து ஏமாந்து போவதைவிட, தேவையானவர் நிற்கட்டும்.

மோட்டார்காரன்

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு சோதனை செய்தோம். ஷெட்டில் சாக்பீஸால் 3க்கு 3 கட்டம் போட்டு, மூன்று பக்கமும் கயிறு கட்டி, போன வருடத்து ஃப்ளெக்ஸையே தொங்கவிட்டோம். பக்கத்து லேத் பட்டறைப் பையன்களை ஒவ்வொருவராக ஓரத்தில் நடக்கச் சொல்லி, நிற்காமல் போய் மூலையில் திரும்பியதும் "இவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டோம். எல்லாரும் "பம்ப் கம்பெனி" என்றார்கள், ஒருவன் "1987" என்றான், வோல்டேஜ் என்று யாருமே சொல்லவில்லை. பிறகு வெள்ளைத் துணியில் 180, கீழே "வோல்ட்டிலும் ஓடும் 1 ஹெச்.பி. மோட்டார்" என்று பெயின்ட் அடித்து, டேபிளில் கருகிய ஸ்டேட்டரை வைத்து, வேறு பையன்களை நடக்கச் சொன்னோம். "லோ வோல்டேஜ்ல ஓடுமாம்" என்றார்கள். ஒரே ஒருவன் மட்டும் "180 ரூபாயா?" என்று கேட்டான்.

சங்கனூர்க்காரி

அந்த ஒருவன் தங்கம். "வோல்ட்" என்ற சொல் 180க்குக் கீழே போகக் கூடாது, அதே வரியில் பக்கத்தில் வரவேண்டும். எண்ணின் பாதி உயரமாவது இருக்கட்டும். என் தப்புதான், கீழே போடச் சொன்னது நான்.

மோட்டார்காரன்

மாற்றிவிட்டேன் அக்கா. வாசகம் இப்போது: "180 வோல்ட்" ஒரு வரி, "ஸ்டார்ட் ஆகும், ஓடும்" அடுத்த வரி. "எரியாது" எடுத்தாகிவிட்டது, பதிலாகக் கீழே சின்ன எழுத்தில் "வைண்டிங் எரிந்தால் 2 வருடம் இலவசமாகக் கட்டித் தருகிறோம்". அதை அப்பா ஒத்துக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. 14 மாடல் ஒரு ஃபைலாக டேபிளின் இழுப்பறைக்குள் போனது, அதற்கு இரண்டு நாள்.

காயில்கடை

டிரை ரன்னில் எரிந்தாலும் கட்டித் தருவீர்களா? அதையும் ஃபைலில் எழுதி வையுங்கள்.

மோட்டார்காரன்

டிரை ரன் கிடையாது என்று கேரன்டி கார்டில் இருக்கிறது. சுவரில் போடவில்லை. போடவேண்டுமா?

காயில்கடை

போடத்தான் வேண்டும் என்பேன். இவர்கள் எல்லாரும் வேண்டாம் என்பார்கள்.

பந்தல்காரர்

சுவரில் போட்டால் படிக்கமாட்டார்கள். வாயால் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும், முதலிலேயே.

மோட்டார்காரன்

கண்காட்சி முடிந்து இன்றுதான் தூங்கி எழுந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கச் சுவர் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆட்கள் முந்தின ஸ்டாலைக் கடக்கும்போதே தலையைத் திருப்பினார்கள், நான் எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். கருகிய ஸ்டேட்டரைப் பார்த்து ஒரு பெரியவர் "இது எங்க ஊட்டு மோட்டாரு, இங்க எப்படி வந்துச்சு" என்றார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு அவரே மற்றவர்களுக்கு எங்கள் டெமோவை விளக்க ஆரம்பித்துவிட்டார். திருகியைத் தாங்களே திருகியவர்கள்தான் அதிக நேரம் நின்றார்கள், நான் திருகிக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தப்பாகப் போனவை. முதல் நாள் மத்தியானம் தொட்டித் தண்ணீர் சூடானது, ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடினால் சூடாகாமல் என்ன செய்யும். ஒருவர் கை விட்டுப் பார்த்து "மோட்டார் சூடேறுதே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே பக்கத்து டீக்கடையில் ஐஸ் வாங்கிப் போட்டோம், மறுநாள் முதல் இடைவேளை விட்டு ஓட்டினோம். இரண்டாம் நாள் எதிர் ஸ்டாலில் மைக் வைத்துப் பாட்டு போட்டார்கள், நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை, அதில் மட்டும் சுவரில் எழுதியிருந்தது நன்றாகக் காப்பாற்றியது.

இன்னொன்று புரியவில்லை. நின்றவர்களில் நிறையப் பேர் "சரி, 160ல ஓடுமா?" என்று கேட்டார்கள். 160ல் ஒரு தடவை ஸ்டார்ட் ஆனது, மறு தடவை உறுமி நின்றது. 180 என்று எழுதியதால் அதற்குக் கீழே சவால் விடுகிறார்கள். எண்ணே போடாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

காயில்கடை

வந்திருக்காது. நின்றிருக்கவும் மாட்டார்கள். திருகியில் 180க்குக் கீழே போகாதபடி ஒரு ஸ்டாப்பர் போட்டுவிடுங்கள்.

பந்தல்காரர்

ஸ்டாப்பர் போட்டால் "ஏன் அதுக்குக் கீழ போகல" என்று கேட்பார்கள்.

மோட்டார்காரன்

அதைத்தான் அப்பாவும் சொன்னார். அடுத்த வருடம் மூலை ஸ்டால் கேட்கலாமா, இரண்டு பக்கம் திறப்பு, ஆனால் பக்கச் சுவர் ஒன்று குறையும். யாராவது மூலை ஸ்டால் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.